ஓர் எழுத்து மாறினால் வேறு வண்டி

வண்டியின் இன்சூரன்ஸ் முடியும் நாள் நெருங்கினால் ஏஜென்ட் போனில் கூப்பிடுவார். "ஆர்.சி.யை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டுவிடுங்க சார், மத்ததை நான் பாத்துக்கறேன்." நாமும் அட்டையை மேசைமேல் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பிவிடுவோம். அதன்பிறகு அந்தப் படத்துக்கு என்ன நடக்கிறது என்று நாம் யோசிப்பதில்லை. முன்பெல்லாம் யாரோ ஒருவர் அதைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்வார். இப்போது பல இடங்களில் ஒரு மென்பொருள் படத்தைப் படித்து, பதிவு எண் இது, உரிமையாளர் பெயர் இது, சேசிஸ் நம்பர் இது என்று பெயரிட்ட கட்டங்களில் நிரப்பித் தந்துவிடுகிறது. பழைய வண்டி வாங்கி விற்பவர்கள், வண்டிக் கடன் தரும் நிதி நிறுவனங்கள், ஃபாஸ்டேக் வழங்கும் வங்கிகள் என எல்லோருக்கும் இந்த வேலை தேவைப்படுகிறது.

அட்டையில் இருபதுக்கும் மேற்பட்ட விவரங்கள் இருக்கின்றன. அவற்றில் பத்தொன்பதைச் சரியாகப் படித்து ஒன்றில் சிறு பிழை விட்டால் நல்ல மதிப்பெண் என்றுதான் தோன்றும். அந்த ஒன்று வண்டி எண்ணாக இருந்தால், மற்றவை சரியாக இருந்தும் பயனில்லை. MURUGESAN என்ற பெயரை மென்பொருள் MURUGESAM என்று படித்தால் பார்க்கிற எவருக்கும் உறுத்தும். தெருப்பெயர் பிசகினாலும் ஊர்க்காரர் கண்டுபிடித்துவிடுவார். TN 72 என்று தொடங்கும் ஓர் எண்ணின் நடுவில் 3 என்பது 8 ஆகிவிட்டால், அது யாருக்கும் உறுத்தாது. பிழையான எண்ணும் சரியான எண்ணைப் போலவே இருக்கும். பெரும்பாலும் அது திருநெல்வேலியிலேயே ஓடும் இன்னொருவருடைய வண்டியின் எண்ணாகவும் இருக்கும்.

ஆதார் எண்ணோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். ஆதாரின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம், முன்னால் உள்ள 11 இலக்கங்களிலிருந்து ஒரு கணக்குப் போட்டு வைக்கப்படுவது. நடுவில் ஏதாவது ஓர் இலக்கத்தைத் தப்பாக அடித்தால் அந்தக் கணக்கு ஒத்துவராது, கணினி உடனே மறுத்துவிடும். ஜி.எஸ்.டி. எண்ணின் கடைசிக் குறியும் அப்படி வைக்கப்பட்டதுதான். வண்டி எண்ணில் இந்தப் பாதுகாப்பு இல்லை. சாலையில் ஓடும் வண்டியை ஒரு மனிதர் கண்ணால் பார்த்துச் சொல்வதற்காக உருவான எண் அது. தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் வழி எதுவும் அதற்குள் வைக்கப்படவில்லை. ஆகவே அந்தச் சரிபார்ப்பை எண்ணுக்கு வெளியே, படிக்கும் முறையில்தான் கொண்டுவர வேண்டும்.

கணக்காகவும் பார்த்துவிடலாம். ஒரு மென்பொருள் நூறு எழுத்துகளில் 99-ஐச் சரியாகப் படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. வண்டி எண்ணில் பத்து எழுத்துகள். பத்தும் ஒருசேரச் சரியாக அமையும் வாய்ப்பு 0.99-ஐப் பத்து முறை பெருக்கினால் வரும் 0.904. அதாவது நூறு அட்டைகளில் ஏறத்தாழ பத்தில் வண்டி எண் தப்பாக இருக்கும். எழுத்துப் பிழையை ஆயிரத்துக்கு ஒன்றாகக் குறைத்தாலும் நூறு அட்டைக்கு ஒன்று தவறிவிடும். "எங்கள் மென்பொருள் 99 சதவீதம் துல்லியமானது" என்று யாராவது சொன்னால், எழுத்துக்கா, முழு எண்ணுக்கா என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

எண்ணின் அமைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் படிக்கிறவருக்கு உதவியும் தொல்லையும் அங்கிருந்துதான் வருகின்றன. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இன்று நாம் பார்க்கும் வடிவம் அதன் பின்னர் வந்ததுதான்: மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு இரண்டு இலக்கம், தொடருக்கு ஓரிரு எழுத்து, கடைசியில் நான்கு இலக்கம். தொடர் எழுத்துகளில் I, O இரண்டையும் பொதுவாகத் தருவதில்லை. 1, 0 என்ற இலக்கங்களோடு குழம்பிவிடும் என்பதே காரணம். இதனால் மூன்றாவது இடத்தில் O போல ஒன்று தெரிந்தால் அது 0 என்று எடுத்துக்கொள்ளலாம், அந்த இடத்தில் இலக்கம்தான் வர முடியும்.

இந்த விதியை அளவுக்கு மீறி நம்பினாலும் ஆபத்து. O என்ற எழுத்தே வண்டி எண்ணில் வராது என்று ஒருவர் மென்பொருளில் எழுதிவைத்தால், ஒடிசாவிலிருந்து வந்த லாரியின் OD அங்கே 0D ஆகிவிடும். இரண்டு இலக்க ஆபீஸ் எண் கட்டாயம் என்று வைத்தால் டெல்லி வண்டிகள் அடிபடும். அங்கே DL என்பதற்குப் பின் ஒற்றை இலக்கமும், வண்டியின் வகையைச் சொல்லும் ஓர் எழுத்தும், அதன்பின் தொடர் எழுத்துகளும் வருவது சாதாரணம். 2021 செப்டம்பரில் தொடங்கிய பாரத் தொடரில் வரிசையே வேறு: முதலில் பதிவான ஆண்டின் இரண்டு இலக்கம், பிறகு BH, பிறகு நான்கு இலக்கம், கடைசியில் எழுத்து. 1989-க்கு முந்தைய டிராக்டரோ பழைய புல்லட்டோ வந்தால் மூன்று எழுத்தும் நான்கு இலக்கமும் மட்டும் இருக்கும். தெலங்கானா 2024-இல் TS-இலிருந்து TG-க்கு மாறியது, ஆனால் அதற்கு முன் பதிவான வண்டிகள் TS-ஆகவே ஓடுகின்றன. அதைப் 'பழைய குறியீடு' என்று நினைத்து TG என்று மாற்றிவைக்கும் மென்பொருள், இல்லாத ஒரு வண்டியை உண்டாக்குகிறது.

எண்ணின் இலக்கணம் சந்தேகப்படுவதற்கு உதவும், ஆனால் அதை வைத்துத் திருத்த ஆரம்பித்தால் மிகுந்த கவனம் தேவை. எழுத்துக்கும் இலக்கத்துக்கும் இடையிலான குழப்பத்தை அது தீர்க்கும். 8-ஆ B-ஆ, 5-ஆ S-ஆ, 2-ஆ Z-ஆ, 6-ஆ G-ஆ என்ற கேள்விகளுக்கு இடத்தைப் பார்த்தே விடை சொல்லிவிடலாம். இலக்கத்துக்கும் இலக்கத்துக்கும், எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் குழப்பம் வந்தால் இலக்கணத்திடம் பதில் இல்லை. 3-ஆ 8-ஆ, 1-ஆ 7-ஆ, 5-ஆ 6-ஆ, C-ஆ G-ஆ, U-ஆ V-ஆ, M-ஆ N-ஆ என்பதெல்லாம் இந்த வகை. இரண்டுமே சட்டப்படி சரியான எண்கள். ஆளைக் கெடுக்கும் பிழைகள் இங்கேதான் இருக்கின்றன.

இனி படத்துக்கு வருவோம். ஆர்.சி. அட்டை ஏ.டி.எம். கார்டின் அளவு, அதாவது அகலம் 85.6 மில்லிமீட்டர். அதில் பதிவு எண் சுமார் இரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் அச்சாகியிருக்கிறது என்று கொள்வோம். படத்தின் அகலம் 1600 பிக்சல், அட்டை அந்தப் படத்தை முழுவதும் நிறைத்திருக்கிறது என்றால், ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 19 பிக்சல் கிடைக்கும். எழுத்தின் உயரம் 37 பிக்சல் வரும். எழுத்தறி மென்பொருள்களுக்கு முப்பது பிக்சல் உயரம் இருந்தால் போதும், நன்றாகப் படிக்கும். ஆனால் நாம் எடுக்கும் படங்கள் இப்படியா இருக்கின்றன? மேசை, டீ கிளாஸ், விரல்கள் எல்லாம் தெரிய, அட்டை நடுவில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் பிடித்திருக்கும். அப்போது மில்லிமீட்டருக்கு ஆறு பிக்சல்தான். எழுத்து 12 பிக்சல் உயரத்துக்குச் சுருங்கிவிடும். அந்த உயரத்தில் 3-க்கும் 8-க்கும் உள்ள வேறுபாடு இடப்பக்கத்தில் நாலைந்து புள்ளிகள் கறுப்பா வெள்ளையா என்பதுதான். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது முதலில் கலங்குவதும் அந்தப் புள்ளிகள்தான்.

அடுத்தது வெளிச்சம். அட்டையின் வழவழப்பான பரப்பும், பழைய ஆர்.சி.க்குப் போட்ட லேமினேஷனும் டியூப்லைட்டை அப்படியே திருப்பி அடிக்கும். ஒரு வெள்ளைக் கோடு எழுத்துகளின் மேல் விழுந்தால் அந்த இடத்தில் மை இருந்ததா இல்லையா என்பதைப் படம் பதிவுசெய்யவே இல்லை. பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. படத்தைக் கூர்மையாக்கும் செயலிகளைப் போட்டால் கோடுகள் பளிச்சென்று வரும், ஆனால் இல்லாத தகவல் அதனால் வந்துவிடாது. நான் அஞ்சுவது அந்தப் பளிச்சென்ற தோற்றத்தைத்தான். மங்கலான எழுத்தைப் பார்த்தால் மனிதர் சந்தேகப்படுவார், தெளிவாக இருக்கும் தவறான எழுத்தைப் பார்த்தால் நம்பிவிடுவார்.

இது வெறும் அச்சம் இல்லை என்பதற்கு உலகறிந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. 2013-இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர், ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் ஒர்க்சென்டர் வகைக் கருவியில் நகலெடுத்தபோது அறைகளின் பரப்பளவு மாறியிருப்பதைக் கண்டார். 21.11 சதுர மீட்டர் என்றிருந்த அறையும் 17.42 என்றிருந்த அறையும் நகலில் 14.13 ஆகியிருந்தன. எழுத்துகள் கலங்கவில்லை, அச்சடித்தாற்போல் தெளிவாக இருந்தன. கோப்பின் அளவைக் குறைப்பதற்காக அந்தக் கருவி, ஒன்றுபோல் தோன்றும் சிறு துண்டுகளை ஒன்றாகக் கருதி, ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்துக்கொண்டிருந்தது. 6 இருந்த இடத்தில் 8 வந்த நகல்களும் கிடைத்தன. கருவிக்கு அது ஒத்துப்போகும் வடிவம், அவ்வளவுதான்.

எழுத்தறி மென்பொருளும் அடிப்படையில் ஒத்துப்போகும் வடிவத்தைத் தேடுவதுதான். அதற்கு மேல் அதனிடம் ஒரு மொழிப் பழக்கமும் இருக்கும். டெசராக்ட் என்ற, எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தும் மென்பொருளில் அகராதி ஒன்று உள்ளே இருக்கிறது. முகவரி, பெயர் போன்றவற்றைப் படிக்க அது துணை. அகராதியில் இல்லாத எழுத்துக் கூட்டங்களைப் படிக்கும்போது அதை `load_system_dawg`, `load_freq_dawg` என்ற அமைப்புகளில் அணைத்துவிடும்படி அதன் கையேடே சொல்கிறது. வண்டி எண்ணும் சேசிஸ் நம்பரும் அப்படிப்பட்டவை. இப்போது வந்திருக்கும் பெரிய மாதிரிகள், முழு அட்டையையும் ஒரே பார்வையில் பார்த்துக் கட்டங்களை நிரப்பித் தருபவை, இந்தப் பழக்கத்தில் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. எது பெயர், எது தந்தை பெயர், எது பதிவு நாள், எது செல்லுபடி நாள் என்று பிரிப்பதில் அவை மிக நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் ஓர் எழுத்து தெரியாத இடத்தில் "தெரியவில்லை" என்று விடுவதைவிட, பொருத்தமாகத் தோன்றும் ஒன்றை இட்டு நிரப்பிவிடும் சாய்வு அவற்றுக்கு உண்டு. முகவரியில் அது உதவி. வண்டி எண்ணில் அது கேடு.

ஆகவே அட்டையின் மற்ற கட்டங்களையும் வண்டி எண்ணையும் ஒரே முறையில் படிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மற்றவற்றில் ஊகத்துக்கு இடம் கொடுக்கலாம். வண்டி எண்ணைக் கண்டபடி எழுத வேண்டும், காணாததை வெறுமையாக விட வேண்டும்.

ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போய்ப் பார்ப்போம். எந்த உண்மையான வண்டியையும் சுட்டாமலிருக்க, ஆபீஸ் எண்ணை 00 என்று வைத்துக்கொள்கிறேன், அப்படி ஓர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் கிடையாது. அட்டையில் அச்சாகியிருப்பது TN00BD8306. படத்தில் அட்டை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, டியூப்லைட்டின் வெள்ளைக் கோடு எண்ணின் பிற்பகுதியில் விழுந்திருக்கிறது.

முதல் வேலை, அட்டையின் நான்கு மூலைகளையும் கண்டுபிடித்து, சாய்வை நிமிர்த்தி, அட்டையை மட்டும் வெட்டி எடுப்பது. இரண்டாவது, `Regn. Number` என்ற பெயர் எங்கே இருக்கிறது என்று தேடி, அதற்குரிய எண்ணை மட்டும் தனித் துண்டாக வெட்டுவது. மூன்றாவது, அந்தத் துண்டை அகராதி இல்லாமல் எழுத்து எழுத்தாகப் படிப்பது. மென்பொருள் தருவது இப்படி இருக்கிறது: TNOOBDB?06. எட்டாவது இடத்தில் 3, 8 இரண்டுக்கும் கிட்டத்தட்ட சமமான மதிப்பெண்.

இப்போது இலக்கணத்தைக் கூப்பிடலாம். TN-க்குப் பின் இரண்டு இலக்கம் வந்தாக வேண்டும், ஆகவே இரண்டு O-வும் 0 தான். கடைசி நான்கு இடமும் இலக்கம், ஆகவே ஏழாவது இடத்திலுள்ள B, 8 தான். ஆறாவது இடத்திலிருக்கும் D ஒருவேளை 0 ஆக இருக்குமோ என்றால், அப்படியானால் கடைசியில் ஐந்து இலக்கம் வரும், அப்படி ஒரு வடிவம் கிடையாது. இந்த மூன்று முடிவுகளையும் தைரியமாக எடுக்கலாம், எடுத்ததைக் குறித்தும் வைக்க வேண்டும். எட்டாவது இடத்தில் இலக்கணம் வாயைத் திறக்காது. 8306-உம் சரியான எண், 8806-உம் சரியான எண். மென்பொருள் இங்கே நின்றுவிட வேண்டும். அது சேமிக்க வேண்டிய பதிவு இதுதான்:

```
{
  "regn_no_seen": "TNOOBDB?06",
  "regn_no": null,
  "doubt": "8-வது இடம்: 3 அல்லது 8"
}
```

இங்கே இரண்டு கட்டங்கள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று, கண்ணில் பட்டதை அப்படியே வைத்திருப்பது. மற்றொன்று, முடிவான எண். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், பின்னால் ஒரு பிழை வெளியே வரும்போது அது படத்தால் வந்ததா, திருத்தியதால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. முடிவான எண் வெறுமையாக இருப்பதைப் பார்த்து அலுவலகத்தில் சிலர் பதறுவார்கள், கட்டம் நிரம்பவில்லையே என்று. அந்த வெறுமைதான் ஏஜென்டை இன்னொரு படம் கேட்க வைக்கிறது. அங்கே ஒரு 8 நிரம்பியிருந்தால் யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொரு படம் வருகிறது. இம்முறை ஜன்னலோரம் எடுத்தது, அட்டை படத்தை நிறைத்திருக்கிறது, அகலம் 1800 பிக்சல். எழுத்தின் உயரம் 42 பிக்சல். எட்டாவது எழுத்தின் இடப்பக்கம் திறந்திருப்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது: அது 3. முதல் படத்தில் வெள்ளைக் கோடு விழுந்தது சரியாக அந்த இடப்பக்கத்தில்தான். 8-இன் இடப்பக்கக் கோடுகளை வெளிச்சம் அழித்தால் அது 3 போலத் தெரியும். 3-இன் இடப்பக்கத்தை நிழலோ அழுக்கோ மூடினால் அது 8 போலத் தெரியும். எண் மாற இவ்வளவே போதும்.

இத்தோடு முடிந்ததா? இன்னும் இல்லை. படித்ததைப் படிப்புக்கு வெளியேயுள்ள ஒன்றோடு ஒப்பிட வேண்டும். இங்கே பலர் ஒரு தவறான நிம்மதி அடைகிறார்கள். எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டுப் பார்த்தோம், வண்டி இருக்கிறது என்று வந்தது, ஆகவே எண் சரி என்பார்கள். தப்பான எண்ணுக்கும் ஒரு வண்டி இருக்கும் என்பதுதானே நமது சிக்கலே! வண்டி இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, அது இந்த வண்டியா என்று பார்க்க வேண்டும். அதற்கு நல்ல கருவி சேசிஸ் நம்பரின் கடைசி ஐந்து எழுத்து. மத்திய அரசின் வாகன் இணையதளத்தில் பல சேவைகளுக்குப் பதிவு எண்ணோடு இந்த ஐந்தையும் சேர்த்தே கேட்பார்கள். இரண்டும் ஒரே வண்டிக்குப் பொருந்தினால்தான் உள்ளே விடும். வண்டி எண்ணில் ஒரு பிழை இருந்து, அந்தப் பிழையான எண்ணுடைய வண்டிக்கும் அதே ஐந்து எழுத்து முடிவு இருப்பது ஏறத்தாழ நடக்காத காரியம். பொருந்தவில்லை என்றால் இரண்டில் ஒன்று தப்பாகப் படிக்கப்பட்டிருக்கிறது. எது என்று தேட வேண்டும்.

சேசிஸ் நம்பரைப் படிப்பது ஒரு வகையில் எளிது. இன்றைய வண்டிகளில் அது 17 எழுத்து, I, O, Q மூன்றும் அதில் வரவே வராது என்பது உலகப் பொது விதி. அதனால் O போலத் தெரிவது 0 என்றோ D என்றோதான் இருக்க வேண்டும். முதல் மூன்று எழுத்து தயாரிப்பாளரைக் காட்டும்: MA3 என்றால் மாருதி சுசுகி, MAT என்றால் டாடா, MAL என்றால் ஹூண்டாய். அட்டையின் பின்புறத்தில் தயாரிப்பாளர் பெயர் டாடா என்று இருக்க, சேசிஸ் MA3 என்று தொடங்குவதாக வந்தால் ஏதோ பிசகியிருக்கிறது. மிகப் பழைய வண்டிகளின் சேசிஸ் நம்பர் 17 எழுத்துக்குக் குறைவாக இருக்கலாம். அவற்றை நீளம் போதவில்லை என்று தள்ளிவிடக் கூடாது.

2019-இல் நாடு முழுவதற்கும் ஒரே மாதிரியான அட்டை வடிவம் வந்தபோது கியூ.ஆர். குறியீடும் சேர்க்கப்பட்டது. அதைப் படிக்க முடிந்தால் பெரிய துணை. கியூ.ஆர். குறியீட்டுக்குள் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் கணக்கு இருக்கிறது. அதனால் அது சரியாகப் படிக்கும், அல்லது படிக்க மறுக்கும், 3-ஐ 8 என்று மாற்றிச் சொல்லாது. அதற்குள் பதிவு எண் இருந்தால், அச்சடித்த எழுத்திலிருந்து படித்த எண்ணோடு அதை ஒப்பிடலாம். கியூ.ஆர். இல்லாத பழைய ஆர்.சி. புத்தகங்களுக்கு வண்டியின் நம்பர் பிளேட்டையும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்வது நல்ல வழக்கம். ஒரே படத்தை இரண்டு மென்பொருள்களிடம் கொடுத்துப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. இரண்டும் அதே வெள்ளைக் கோட்டைத்தான் பார்க்கும், இரண்டும் ஒரே மாதிரித் தவறலாம்.

பழைய பாலிசியோடு ஒப்பிடும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பெங்களூரில் பதிவான வண்டி இங்கே வந்து மறுபதிவாகியிருந்தால் பாலிசியில் KA-வும் ஆர்.சி.யில் TN-உம் இருக்கும். எண்கள் பொருந்தாதது படிப்புப் பிழைதான் என்று எடுத்துக்கொண்டு ஒன்றை மற்றொன்றாக மாற்றக் கூடாது. சேசிஸ் நம்பர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

மற்ற கட்டங்களில் வரும் சிக்கல் பெரும்பாலும் எழுத்தைவிட இடம் மாறுவதுதான். சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் அடுத்தடுத்து நிற்பதால் ஒன்றன் பெயருக்குக் கீழ் மற்றொன்று போய் உட்காரும். வெற்று எடையும் சுமை எடையும் மாறிப்போகும், ஆனால் சுமை எடை எப்போதும் பெரிதாக இருக்க வேண்டும் என்பதால் இதை எளிதில் பிடித்துவிடலாம். பெயரை முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டாக உடைக்கும் வெளிநாட்டுப் பழக்கம் நமக்கு ஒத்துவராது. அட்டையில் M SELVAM என்று இருந்தால் M SELVAM என்றே இருக்கட்டும்.

சரியாகப் படித்த பிறகும் எண் கெடும் இடம் ஒன்று உண்டு: எக்செல். சிலர் வண்டி எண்ணை நான்கு பத்திகளாகப் பிரித்து வைப்பார்கள். கடைசிப் பத்தியில் 0045 என்று போட்டால் எக்செல் அதை எண் என்று நினைத்து 45 ஆக்கிவிடும், ஆபீஸ் எண் 01 வெறும் 1 ஆகிவிடும். இன்ஜின் நம்பரில் நடுவே E என்ற எழுத்து ஒன்று மட்டும் இருந்து மற்றவை இலக்கமாக இருந்தால் இன்னும் மோசம்: 4E0012 என்பதை அது நான்குக்குப் பின் பன்னிரண்டு பூஜ்யம் என்று புரிந்துகொண்டு 4E+12 என்று காட்டும். கோப்பைத் திறப்பதற்கு முன்பே அந்தப் பத்திகளை எழுத்து வகை என்று அமைத்துவிட வேண்டும். வண்டி எண்ணை உடைக்காமல் ஒரே பத்தியில், இடைவெளியும் கோடும் இல்லாமல் வைப்பது இன்னும் நல்லது. தேடும்போதும் இடைவெளியையும் கோட்டையும் நீக்கிவிட்டால், ஒருவர் TN-72 என்றும் இன்னொருவர் TN 72 என்றும் அடித்தாலும் ஒரே வண்டி கிடைக்கும்.

படம் அனுப்பும் நம் பக்கத்திலும் வேலை கொஞ்சம்தான். அட்டையை உறையிலிருந்து வெளியே எடுங்கள். பகலில் ஜன்னலோரம், நேர் வெயில் படாத இடத்தில், கருமையான துணிமேல் வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். அட்டை படத்தை நிறைக்கும் அளவுக்கு நெருங்கி எடுங்கள், இரண்டு பக்கமும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது சாதாரணப் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட் என்பதன் வழியாக அனுப்பினால் படம் சுருங்காமல் போகும். பாலிசி கைக்கு வந்ததும் பெயரைப் பார்ப்பதற்கு முன் வண்டி எண்ணைப் பாருங்கள். அட்டையை ஒரு கையிலும் பாலிசியை மறு கையிலும் வைத்துக்கொண்டு, கடைசி இலக்கத்தில் தொடங்கிப் பின்னோக்கி ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். முன்னிருந்து படித்தால் பழகிய எண்ணை மனம் தானே சொல்லிவிடும், கண் பார்க்காமலே தாண்டிவிடும். ஏதாவது ஓர் எழுத்து மாறியிருந்தால் அன்றைக்கே எழுத்துமூலம் தெரிவித்து எண்டார்ஸ்மென்ட் கேளுங்கள். சேசிஸ் நம்பரையும் அதே கடிதத்தில் குறிப்பிடுங்கள், எந்த வண்டி என்பதில் அப்போது சந்தேகம் எழாது.